மதிப்பு எட்டுக் கோடி... உங்கள் கைக்கு எவ்வளவு?

*முதலீட்டாளர் நீட்டும் டேர்ம் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன், மலையில் தொழில் நடத்துவோர் போட்டுப் பார்க்க வேண்டிய மூன்று கணக்குகள்*

ஜவ்வாது மலையில் சாமை பெரும்பாலும் மழையை நம்பிய பயிர். அறுவடை முடிந்து, கதிரடித்துக் காயவைத்ததும், அடுத்தடுத்த சில வாரங்களில் மலை ஊர்களில் இருந்து தானியம் மொத்தமாக விற்பனைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கையில் பணம் இருப்பவர் விவசாயியிடம் நேரடியாக வாங்கிக் கிடங்கில் சேர்த்துவிடுவார். பணம் இல்லாதவர், அதே சாமையைப் பின்னால் வியாபாரியிடம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதுதான். சாமையை அரிசியாக்கி, பாக்கெட் போட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கே அந்தச் சில வாரங்களில்தான் முடிவாகிறது.

இதனால்தான் இங்கே தொழில் நடத்துபவர் முதலீட்டாளரிடம் பேசும்போது, அவசரம் எப்போதும் இவர் பக்கம் இருக்கிறது. நாலைந்து பக்கத்தில் ஒரு டேர்ம் ஷீட் வரும். முதல் பக்கத்தில் நிறுவனத்தின் மதிப்பு கோடிகளில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடும். மற்றப் பக்கங்களை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவோம். நிறுவனரின் கைக்குக் கடைசியில் என்ன வரும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்த மற்றப் பக்கங்கள்தான்.

கணக்கைக் கண்ணால் பார்க்க ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஜமுனாமரத்தூரில் சாமை உமி நீக்கும் ஆலை, போளூரில் பேக்கிங் கூடம், இரண்டு நிறுவனர்கள். மொத்தம் 70,000 பங்குகள். அதில் 63,000 நிறுவனர்களிடம் இருக்கின்றன. மீதி 7,000 பங்குகளை, சாமை விளைவிக்கும் குடும்பங்களின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருக்கிறது. இவர்களுக்கு ₹2 கோடி தேவை. இரண்டு முதலீட்டாளர்கள் டேர்ம் ஷீட் கொடுத்திருக்கிறார்கள். முதலாமவர், நிறுவனத்தின் இன்றைய மதிப்பு ₹8 கோடி என்கிறார். இரண்டாமவர் ₹7 கோடிக்கு மேல் ஏற மறுக்கிறார். எதில் கையெழுத்துப் போடலாம்?

பங்கை யார் விற்கலாம்?

கணக்குக்குள் போகும் முன் சட்டத்தில் ஒரு வாசலைக் கடக்க வேண்டும். மலைகளில் விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கப்படும் அமைப்பு பெரும்பாலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகத்தான் இருக்கிறது. 2002-ல் நிறுவனங்கள் சட்டத்தில் இதற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. இன்று அது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி அத்தியாயமாக இருக்கிறது. அதன்படி உறுப்பினர்கள் உற்பத்தியாளர்களாகவோ உற்பத்தியாளர் அமைப்புகளாகவோ இருக்க வேண்டும். சாதாரணப் பங்குகள் மட்டுமே வெளியிடலாம். தனிநபர்கள் உறுப்பினர்களாக உள்ள நிறுவனத்தில், ஒருவரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஒரே ஓட்டுதான்.

வென்ச்சர் முதலீட்டாளர் கேட்பது இதற்கு நேரெதிர். அவர் விவசாயி அல்ல. அவருக்கு வேண்டியது முன்னுரிமைப் பங்கு. பங்குக்கு ஏற்ற ஓட்டும் வேண்டும். ஆகவே உற்பத்தியாளர் நிறுவனத்துக்குள் அவர் பணம் போட வழியே இல்லை. பதப்படுத்துதலையும் பிராண்டையும் தனி பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக நடத்தி, அதில் முதலீடு வாங்குவதுதான் நடைமுறை. உற்பத்தியாளர் நிறுவனம் அதில் பங்கு வாங்கலாம். தன் செலுத்தப்பட்ட மூலதனமும் இருப்பு நிதியும் சேர்ந்த தொகையில் பொதுவாக 30 சதவீதம் வரை பிற நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யச் சட்டம் அனுமதிக்கிறது.

நம் கற்பனை நிறுவனத்தில் விவசாயிகளின் 7,000 பங்குகள் அப்படி வந்தவை. இதை நிறுவனர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் போடும் கையெழுத்து, டேர்ம் ஷீட்டைப் பார்த்தே இராத பல குடும்பங்களின் பங்கையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும்.

முதல் கணக்கு: மதிப்பு

டேர்ம் ஷீட்டில் மதிப்பு இரண்டு விதமாக வரும். முதலீடு வரும் முன் உள்ள மதிப்பு ப்ரீ-மணி. அதோடு முதலீட்டைக் கூட்டினால் போஸ்ட்-மணி. முதலாமவரின் தாளில் ப்ரீ-மணி ₹8 கோடி, முதலீடு ₹2 கோடி, போஸ்ட்-மணி ₹10 கோடி. அவருக்கு 20 சதவீதம். மீதி 80 சதவீதம் நமக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் மதிப்பைச் சொல்லும் அதே பத்தியின் கடைசி வாக்கியம் இப்படி இருக்கும்: ‘மேற்கண்ட ப்ரீ-மணி மதிப்பு முழு நீர்த்தல் அடிப்படையிலானது, முதலீட்டுக்குப் பிந்தைய மூலதனத்தில் 10 சதவீதத்துக்குச் சமமான ஊழியர் பங்குத் தொகுப்பும் இதில் அடங்கும்.’ ஊழியர் பங்குத் தொகுப்பு என்பது, பின்னால் வேலைக்குச் சேர்பவர்களுக்குக் கொடுக்க ஒதுக்கிவைக்கும் ஈசாப். ஒதுக்குவதில் தவறில்லை. அது யார் பங்கிலிருந்து போகிறது என்பதே கேள்வி. ப்ரீ-மணிக்குள் அடங்கும் என்று எழுதிவிட்டால், முழுவதும் பழைய பங்குதாரர்களிடமிருந்துதான் போகிறது. புதிய முதலீட்டாளரின் 20 சதவீதத்தில் ஒரு துளியும் குறையாது.

எண்ணில் பார்ப்போம். முதலீட்டுக்குப் பின் மொத்தம் 1,00,000 பங்குகள். முதலீட்டாளருக்கு 20,000, ஊழியர் தொகுப்புக்கு 10,000, பழையவர்களுக்கு அதே 70,000. ₹2 கோடிக்கு 20,000 பங்கு என்றால் ஒரு பங்கு ₹1,000. உங்கள் 70,000 பங்கை ₹1,000-ஆல் பெருக்கினால் வருவது ₹7 கோடி. இன்று நீங்கள் கட்டி எழுப்பியிருக்கும் நிறுவனத்துக்கு அவர் கொடுக்கும் உண்மை விலை அதுதான். மீதி ₹1 கோடி, இன்னும் யாருக்கும் கொடுக்காத பங்குகளின் மதிப்பு.

இப்போது ₹7 கோடி சொன்ன இரண்டாமவரிடம் வருவோம். அவருடைய தாளில் தொகுப்பு ப்ரீ-மணிக்குள் இல்லை. முதலீடு முடிந்த பிறகு தொகுப்பை உருவாக்கலாம், குறைவது எல்லோருக்கும் குறையட்டும் என்கிறார். ₹7 கோடியை 70,000 பங்கால் வகுத்தால் ஒரு பங்கு ₹1,000. ₹2 கோடிக்கு அவருக்கு 20,000 பங்கு. மொத்தம் 90,000. பிறகு 10,000 பங்கில் ஊழியர் தொகுப்பு உருவானால் மொத்தம் 1,00,000. நிறுவனர்கள் 63 சதவீதம், விவசாயிகள் 7, ஊழியர்கள் 10, முதலீட்டாளர் 20. முதலாமவரின் தாளில் வந்த அதே பங்கீடு, அதே பங்கு விலை.

ஒரு கோடி ரூபாய் வித்தியாசம் தாளில் மட்டுமே இருந்தது. ஆகவே மதிப்பு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், ஒரு பங்கின் விலை என்ன, முதலீட்டுக்குப் பின் என் பங்கு எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் கேளுங்கள். முதலீட்டுக்குப் பிந்தைய பங்குப் பட்டியலை டேர்ம் ஷீட்டோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள். பட்டியலைத் தயாரிக்கத் தயங்குகிறார்கள் என்றால், பேச வேண்டியது இன்னும் இருக்கிறது என்று பொருள்.

தொகுப்பின் அளவும் பேரத்துக்கு உரியதே. அடுத்த 18 மாதங்களில் யாரையெல்லாம் வேலைக்கு எடுக்கப் போகிறோம், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு தருவோம் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். தரக்கட்டுப்பாட்டு மேலாளர், விற்பனைத் தலைவர், கணக்காளர் என்று மூன்று பேர்தான் என்றால் 5 சதவீதம் போதுமானதாக இருக்கலாம். முதலாமவரின் தாளிலேயே 10-ஐ 5 ஆக்கினால், உண்மை விலை ₹7 கோடியிலிருந்து ₹7.5 கோடியாக உயரும். நிறுவனர்களின் பங்கு 63-லிருந்து 67.5 சதவீதமாகும்.

இரண்டாம் கணக்கு: விற்ற பணம் யாருக்கு முதலில்?

இரண்டு தாள்களும் உண்மையில் பிரியும் இடம் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்ற பிரிவு. பெயரைக் கேட்டதும், கம்பெனியை இழுத்து மூடினால்தானே இது வரும் என்று பலர் தாண்டிப் போகிறார்கள். ஆனால் ‘லிக்விடேஷன்’ என்பதற்கு டேர்ம் ஷீட் தரும் விளக்கத்தில் நிறுவனத்தை விற்பது, இன்னொன்றோடு இணைப்பது, பெரும்பான்மைப் பங்கு கைமாறுவது, பிராண்டையோ ஆலையையோ விற்பது எல்லாமே அடங்கும். ஒரு பெரிய உணவு நிறுவனம் உங்கள் சாமை பிராண்டை நல்ல விலைக்கு வாங்க வந்தாலும் இந்தப் பிரிவுதான் பேசும்.

நம் நாட்டில் முதலீட்டாளர் வாங்குவது பெரும்பாலும் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறக்கூடிய முன்னுரிமைப் பங்கு. சுருக்கமாக சிசிபிஎஸ். நிறுவனர், விவசாயிகள், ஊழியர்கள் வைத்திருப்பது சாதாரணப் பங்கு. விற்ற பணத்தில் வங்கிக் கடனும் மற்றப் பாக்கிகளும் போன பிறகு, சிசிபிஎஸ் வைத்திருப்பவர் தன் தொகையை எடுப்பார். அதன் பிறகுதான் சாதாரணப் பங்குக்கு முறை வரும்.

கல்யாண வீட்டுப் பந்தியாக இதை எண்ணிக்கொள்ளலாம். இரண்டாமவரின் தாளில் இருப்பது ‘ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங்’. முதல் பந்தியில் உட்கார்ந்து போட்ட ₹2 கோடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்; அல்லது எல்லோரோடும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து தன் 20 சதவீதத்தை வாங்கிக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான். முதலாமவரின் தாளில் இருப்பது ‘பார்ட்டிசிபேட்டிங்’. அவர் முதல் பந்தியிலும் சாப்பிடுவார், இரண்டாம் பந்தியிலும் இலை போடச் சொல்வார்.

நிறுவனத்தை ₹6 கோடிக்கு விற்கிறோம், ஊழியர் தொகுப்பு முழுவதும் ஊழியர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவரின் 20 சதவீதம் ₹1.2 கோடி. போட்டதே ₹2 கோடி என்பதால் அதையே எடுப்பார். மீதி ₹4 கோடியை மற்ற 80,000 பங்குகள் பிரித்துக்கொள்ளும். நிறுவனர்களுக்கு ₹3.15 கோடி, விவசாயிகளுக்கு ₹35 லட்சம், ஊழியர்களுக்கு ₹50 லட்சம். முதலாமவரோ முதலில் ₹2 கோடி எடுத்து, மீதி ₹4 கோடியிலும் 20 சதவீதமான ₹80 லட்சத்தை எடுப்பார். நிறுவனர்களுக்கு ₹2.52 கோடியும், விவசாயிகளுக்கு ₹28 லட்சமும் மிஞ்சும்.

வெவ்வேறு விற்பனை விலைகளில் இது எப்படி மாறுகிறது என்பதை இந்தப் பட்டியலில் பாருங்கள்.

| விற்பனை விலை | நிறுவனர்களுக்கு: ‘8 கோடி’ தாள் | நிறுவனர்களுக்கு: ‘7 கோடி’ தாள் | விவசாயிகளுக்கு: ‘8 கோடி’ தாள் | விவசாயிகளுக்கு: ‘7 கோடி’ தாள் |
|---|---|---|---|---|
| ₹2 கோடி | 0 | 0 | 0 | 0 |
| ₹6 கோடி | ₹2.52 கோடி | ₹3.15 கோடி | ₹28 லட்சம் | ₹35 லட்சம் |
| ₹10 கோடி | ₹5.04 கோடி | ₹6.30 கோடி | ₹56 லட்சம் | ₹70 லட்சம் |
| ₹20 கோடி | ₹11.34 கோடி | ₹12.60 கோடி | ₹1.26 கோடி | ₹1.40 கோடி |

முதல் வரியில் இரண்டு தாளும் ஒன்றே. போட்ட பணத்துக்கு மேல் எதுவும் வராத நிலையில் முதலீட்டாளர் முழுவதையும் எடுத்துக்கொள்வார். அதில் பெரிய அநியாயம் ஒன்றுமில்லை. பணம் போட்டவருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும், ஒரு மடங்கு என்பது அந்தப் பாதுகாப்பு. ₹2 கோடிக்கு மேல் எந்த விலைக்கு விற்றாலும் ‘7 கோடி’ தாளே நிறுவனருக்கும் விவசாயிக்கும் அதிகம் தருகிறது. ₹10 கோடியைத் தாண்டினால் வித்தியாசம் நிலையாகிவிடும்: நிறுவனர்களுக்கு ₹1.26 கோடி, விவசாயிகளுக்கு ₹14 லட்சம். முதல் பக்கத்தில் ஒரு கோடி கூடுதலாகத் தெரிந்த தாள், கடைசியில் ஒரு கோடிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது.

தாளில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘முன்னுரிமைத் தொகையைப் பெற்ற பிறகு, மீதத் தொகையிலும் பங்கு மாறியதாகக் கருதிப் பங்கு பெறுவார்’ என்ற பொருளில் வாக்கியம் இருந்தால் அது பார்ட்டிசிபேட்டிங். ‘முன்னுரிமைத் தொகை அல்லது பங்குக்குரிய தொகை, இரண்டில் எது அதிகமோ அது’ என்றிருந்தால் நான்-பார்ட்டிசிபேட்டிங். மடங்கையும் பாருங்கள். அதே பார்ட்டிசிபேட்டிங் இரண்டு மடங்காக இருந்தால், ₹6 கோடி விற்பனையில் முதலீட்டாளருக்கு ₹4.4 கோடி போகும்; நிறுவனர்களுக்கு ₹1.26 கோடிதான். இன்னொன்று, டிவிடெண்ட். சிசிபிஎஸ்ஸுக்கு 0.001 சதவீதம் போன்ற பெயரளவு விகிதம் போடுவது வழக்கம். அதற்குப் பதில் ஆண்டுக்கு 8 சதவீதம், சேர்ந்துகொண்டே போகும் என்று எழுதியிருந்தால், ஐந்தாண்டில் முன்னுரிமைத் தொகை ₹2 கோடியிலிருந்து ₹2.8 கோடியாகிவிடும்.

முன்னுரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் ஃபேன்டூயல். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2009-ல் தொடங்கிய இந்த விளையாட்டு நிறுவனம், ஒருகட்டத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. 2018-ல் பேடி பவர் பெட்ஃபேர் நிறுவனத்தின் அமெரிக்கத் தொழிலோடு இணைந்தபோது, அதன் இயக்குநர் குழு போட்ட மதிப்பு 46.5 கோடி டாலர். முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு முதலில் சேர வேண்டியதோ 55.9 கோடி டாலர். சாதாரணப் பங்கு வைத்திருந்த நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மதிப்பு குறைத்துப் போடப்பட்டது என்று நிறுவனர்கள் நீதிமன்றம் போனார்கள்.

மூன்றாம் கணக்கு: அடுத்த சுற்று

பங்கு நீர்த்தல் என்றதும் சதவீதம் குறைவதை மட்டும் பார்க்கிறோம். ‘7 கோடி’ தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து நிறுவனம் வளர்கிறது. புதிய முதலீட்டாளர் ஒருவர் ₹30 கோடி ப்ரீ-மணியில் ₹10 கோடி போடுகிறார். போஸ்ட்-மணி ₹40 கோடி, அவருக்கு 25 சதவீதம். மற்ற எல்லோருடைய பங்கும் முக்கால் ஆகிறது. நிறுவனர்கள் 63-லிருந்து 47.25, விவசாயிகள் 7-லிருந்து 5.25, ஊழியர்கள் 7.5, பழைய முதலீட்டாளர் 15 சதவீதம்.

சதவீதம் குறைந்தாலும் மதிப்பு கூடியிருக்கிறதே என்று மனம் சமாதானம் சொல்லும். தாளில் அது உண்மைதான்: நிறுவனர்களின் பங்கு ₹6.3 கோடியிலிருந்து ₹18.9 கோடியாகியிருக்கிறது. கூடவே இன்னொன்றும் வளர்ந்திருக்கிறது. சாதாரணப் பங்குக்கு முன்னால் நிற்கும் முன்னுரிமைத் தொகை ₹2 கோடியிலிருந்து ₹12 கோடியாகிவிட்டது.

சிறுதானியச் சந்தை எதிர்பார்த்தபடி விரியவில்லை, நிறுவனத்தை ₹15 கோடிக்கு விற்க வேண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவரின் 25 சதவீதம் ₹3.75 கோடி, ஆகவே முன்னுரிமையைப் பயன்படுத்தி ₹10 கோடியை எடுப்பார். பழையவர் தன் ₹2 கோடியை எடுப்பார். மிச்சம் ₹3 கோடி. அதில் நிறுவனர்களுக்கு ₹2.36 கோடி, விவசாயிகளுக்கு ₹26.25 லட்சம்.

இதை முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் சுற்று முடிந்த நிலையில் நிறுவனத்தை ₹6 கோடிக்கு விற்றிருந்தால் நிறுவனர்களுக்குக் கிடைத்திருப்பது ₹3.15 கோடி. இன்னும் ₹10 கோடி வாங்கி, கூடுதலாக உழைத்து, ₹15 கோடிக்கு விற்றபோது கிடைப்பது அதைவிடக் குறைவு. இரண்டு சுற்றிலும் எல்லோரும் ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங் என்ற நியாயமான விதிகளைத்தான் போட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. முதலீடு வாங்க வாங்க, நிறுவனர் வெற்றி பெறத் தேவையான விலையும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து வாங்காமல், எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வாங்குவதே பங்கைக் காப்பாற்றும் முதல் வழி.

ஜவ்வாதுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கேட்கும் ₹2 கோடியில் பாதி, அறுவடைக் காலத்தில் சாமை வாங்குவதற்கு என்றால், அந்தப் பணம் விற்பனையானதும் திரும்பி வரக்கூடியது. அதற்குக் கிடங்கு ரசீதின் மேல் கடனோ வங்கியின் நடைமுறை மூலதனக் கடனோ வாங்கினால் வட்டியோடு முடிந்துவிடும். நிரந்தரமாகப் பங்கைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆலை விரிவாக்கத்துக்கும் சந்தைக்கும் மட்டும் ₹1 கோடி முதலீடு வாங்கினால், அதே ₹7 கோடி மதிப்பில் போவது 12.5 சதவீதம்; முன்னால் நிற்கும் முன்னுரிமையும் ₹1 கோடிதான். கடனுக்குத் தவணை உண்டு, பிணை உண்டு, விளைச்சல் பொய்த்தாலும் கட்டியாக வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விலை இறங்கினால்?

நீர்த்தலில் இன்னொரு பிரிவு உண்டு: ஆன்ட்டி-டைல்யூஷன். அடுத்த சுற்றில் பங்கு விலை இறங்கினால் இன்றைய முதலீட்டாளருக்குக் கூடுதல் பங்கு கொடுத்து ஈடுகட்டும் ஏற்பாடு இது. இதில் இரண்டு வகை. ‘ஃபுல் ராட்செட்’ என்றால், அவர் வாங்கிய விலையே புதிய விலைக்கு இறங்கிவிடும். ‘பிராட்-பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ்’ என்றால், எவ்வளவு பங்கு குறைந்த விலைக்குப் போனதோ அந்த அளவுக்குத்தான் இறங்கும். பின்னதன் சூத்திரம் இது:

```
P2 = P1 × (A + B) / (A + C)
```

P1 பழைய விலை, P2 திருத்திய விலை. A என்பது இப்போதுள்ள மொத்தப் பங்குகள். B என்பது புதிதாக வரும் பணத்துக்குப் பழைய விலையில் கிடைத்திருக்கும் பங்குகள். C என்பது அந்தப் பணத்துக்கு உண்மையில் கொடுக்கும் பங்குகள்.

ஒரு வறட்சி ஆண்டில் சாமை விளையவில்லை. சம்பளம் கொடுக்க ₹50 லட்சம் வேண்டும். ₹1,000-க்கு விற்ற பங்கை ₹500-க்கு விற்று, 10,000 பங்கு கொடுக்கிறோம். ஃபுல் ராட்செட் இருந்தால், பழைய முதலீட்டாளரின் விலையும் ₹500 ஆகும். அவருடைய 20,000 பங்கு 40,000 ஆகிவிடும். மொத்தம் 1,30,000 பங்கில் நிறுவனர்களுக்கு 48.5 சதவீதம். ₹50 லட்சம் வாங்கப்போய்ப் பெரும்பான்மையே கைவிட்டுப் போகிறது. வெயிட்டட் ஆவரேஜ் இருந்தால், A 1,00,000, B 5,000, C 10,000; திருத்திய விலை சுமார் ₹954.5. அவருக்கு ஏறத்தாழ 952 பங்குதான் கூடும். நிறுவனர்களுக்கு 56.8 சதவீதம் நிற்கும். மழையை நம்பிய தொழிலில் விலை இறங்கும் ஆண்டு வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே ஃபுல் ராட்செட்டை ஏற்காமல் இருப்பது நல்லது.

கையெழுத்துக்குப் பின் நடப்பவை

டேர்ம் ஷீட் பெரும்பாலும் சட்டப்படி கட்டுப்படுத்தாத தாள். ரகசியம் காப்பது, குறிப்பிட்ட நாள்வரை வேறு முதலீட்டாளரிடம் பேசாமல் இருப்பது, வக்கீல் செலவை யார் ஏற்பது போன்ற சில பிரிவுகள் மட்டுமே கட்டுப்படுத்தும். அப்படியானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடாது. ஒப்பந்தம் எழுதும் வக்கீல்கள் இதை வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். அதற்குள் கணக்குப் புத்தகச் சோதனை முடிந்திருக்கும், கையிருப்பும் கரைந்திருக்கும், அறுவடையும் நெருங்கியிருக்கும். பேரம் பேசும் பலம் உங்களுக்கு அதிகமாக இருப்பது டேர்ம் ஷீட்டுக்கு முந்தைய நாள்தான். வேறு யாரிடமும் பேசாத காலத்தை 30 முதல் 45 நாளுக்குள் முடிக்கச் சொல்லுங்கள். அது அறுவடைக்கு முன்பே முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பங்குதாரர் ஒப்பந்தம் வரும். அதில் உள்ளவை நிறுவனத்தின் சங்க விதிகளிலும் ஏற வேண்டும். பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு விதிகளில் இல்லாவிட்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. இரு சகோதரர்களின் குடும்பங்கள் தங்களுக்குள் வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாடு அந்த வழக்கில் நிற்கவில்லை. விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வாய்ச்சொல்லாக நீங்கள் கொடுத்த உறுதி ஏதாவது இருந்தால், அதுவும் சங்க விதிகளில் எழுத்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

பங்கு ஒதுக்கிய 15 நாளுக்குள் பிஏஎஸ்-3 படிவத்தை நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது முடியும்வரை வந்த பணத்தைத் தொடக்கூடாது. சாமை வாங்க வேண்டிய வாரத்தில் பணம் கணக்கில் இருந்தும் எடுக்க முடியாத நிலை வராமல் இருக்க, இந்த நாள்களையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பட்டியல் பழங்குடியினர். அவர்கள் நிறுவனர்களாக இருக்கும் ஸ்டார்ட்அப்புக்கு, தமிழ்நாடு அரசு 2022-23-ல் ₹30 கோடியோடு தொடங்கிய எஸ்சி/எஸ்டி ஸ்டார்ட்அப் நிதியையும் அணுகலாம். ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு இதை நடத்துகிறது. அரசு நிதியாக இருந்தாலும் பங்கு கேட்கும் எந்தத் தாளுக்கும் இதே மூன்று கணக்கைப் போட வேண்டும்.

திருப்பி எழுத வேண்டியது

‘8 கோடி’ முதலீட்டாளரை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அவருக்குச் சந்தைத் தொடர்பு இருக்கலாம், ஏற்றுமதி அனுபவம் இருக்கலாம். அவருக்கு எழுத வேண்டிய பதில் சுருக்கமானது. மதிப்பை ₹7 கோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்; ஊழியர் தொகுப்பை முதலீட்டுக்குப் பின் எல்லோரும் சேர்ந்து ஏற்போம்; முன்னுரிமை ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங்; விலை இறங்கினால் வெயிட்டட் ஆவரேஜ். இதில் அவருடைய 20 சதவீதம் குறையவில்லை, போட்ட பணத்துக்கான முதல் உரிமையும் குறையவில்லை. அவர் விட்டுக்கொடுப்பது இரண்டாவது முறை எடுக்கும் உரிமையை மட்டும்தான்.

பதில் எழுதும் முன், மேலே உள்ள பட்டியலை உங்கள் எண்களில் ஒரு தாளில் போட்டு, உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழுக் கூட்டத்தில் வையுங்கள். ₹6 கோடிக்கு விற்றால் ஊருக்கு ₹35 லட்சமா, ₹28 லட்சமா என்று அவர்கள் பார்க்கட்டும். பங்கு அவர்களுடையது; அது எந்த வரிசையில் நிற்கப் போகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது அவர்கள் உரிமை.